அம்பாளும் ஆண்டாளும்: ஒரு பெயருக்காகத் தம்புச் செட்டித் தெருவுக்குப் போன கதை

சென்ற மாதம் என் தங்கையின் பேரன் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மாதிரி. ஆறு நிறத்தில் மீன் படம் போட்டு, மேலே பெரிய எழுத்தில் "மரகதம் மீன் குழம்புப் பொடி" என்று அச்சடிக்கக் கொடுத்த படிவம். மரகதம் என்பது என் தங்கையின் பெயர். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் அரைத்த பொடியைத்தான் அவள் மகள், அதாவது இந்தப் பையனின் அம்மா, இரண்டு வருடமாகப் பெயரில்லாத கவரில் அக்கம்பக்கத்துக்கு விற்றுவருகிறாள். இப்போது கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று பையனுக்கு ஆசை. கவர் அச்சடிப்பவர் சிலிண்டர் செய்ய மட்டும் 24,000 ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார். நிறத்துக்கு ஒரு சிலிண்டர், ஆறு நிறத்துக்கு ஆறு. அது ஒருமுறை செய்துவிட்டால் பெயரை மாற்ற முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

"பெயர் யாருடையது என்று பார்த்தாயா?" என்று கேட்டேன். "பார்த்துட்டேன் தாத்தா, வெப்சைட்ல யாருமே இல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் இந்தப் பேர்லயே வாங்கிட்டேன்" என்றான். நாற்பது வருடம் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு இலாகா கொடுத்த காகிதம் இன்னொரு இலாகாவில் செல்லாது. முன்பணம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, அவனை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் உயர் நீதிமன்றம் வரை போனேன். தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில், முத்திரைப் பெயர் வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் வக்கீல் எனக்கு அறிமுகம்.

அவர் முதலில் கேட்டது பெயரை அல்ல. "என்ன விற்கப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்டார். டிரேட்மார்க் என்பது பெயருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை இல்லை. இன்ன பொருளுக்கு இன்ன பெயர் என்றுதான் கிடைக்கும். உலகத்துப் பொருள்கள், சேவைகள் எல்லாவற்றையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடி, அரிசி, டீ, காபி எல்லாம் 30ஆம் வகுப்பு. கருவாடு 29ஆம் வகுப்பு. பையனுக்கு அடுத்த வருடம் காசிமேட்டுக் கருவாடும் போட எண்ணம் இருந்ததால் இரண்டு வகுப்புகளிலும் தேட வேண்டும் என்றார்.

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கம் அது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் பார்க்கலாம். பையன் செய்திருந்தது இதுதான்: Wordmark என்ற இடத்தில் Match With என்று வைத்து, ஆங்கிலத்தில் Maragatham என்று அடித்திருக்கிறான். அதே எழுத்துகளில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் மகிழ்ந்துவிட்டான்.

"தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம், சொல்லுங்கள் ஐயா" என்றார் என்னிடம். யோசித்துப் பார்த்தேன். 'க'வுக்கு ஒருவர் g போடுவார், ஒருவர் k போடுவார். 'த'வுக்கு ஒருவர் th, ஒருவர் dh, இன்னொருவர் வெறும் t. கடைசி 'ம்' இல்லாமல் 'மரகத' என்று எழுதுபவர் உண்டு. பத்து பன்னிரண்டு விதம் தாராளமாக வரும். அவர் அந்த Match With என்பதை மாற்றி, Contains என்று வைத்து maraga, maraka என்று துண்டு துண்டாக அடித்தார். பிறகு ஒலி ஒற்றுமையைத் தேடும் Phonetic என்ற வழியிலும் பார்த்தார். அதற்குப் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். Emerald என்றும் அடித்துப் பார்த்தார். பொருள் ஒன்றாக இருந்தாலும் ஆட்சேபம் வரலாமாம்.

நான்காவது துண்டிலேயே வந்துவிட்டது. வேறொரு மாவட்டத்து அரிசி ஆலைக்காரர், அதே பெயரை வேறு எழுத்துக் கூட்டலில், அதே 30ஆம் வகுப்பில் வைத்திருந்தார். நிலை என்ற இடத்தில் Registered என்று இருந்தது.

பையனின் முகம் வாடிவிட்டது. "அவர் அரிசிதானே விற்கிறார், நான் பொடி. எழுத்தும் வேற. படமும் வேற. அவரு நெற்கதிர், நான் மீன்" என்றான்.

அதற்கு வக்கீல் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "தம்பி, உங்கள் தாத்தா வயதுக்காரர்களுக்குப் பொடி என்றால் மூக்குப்பொடிதான் முதலில் ஞாபகம் வரும். அந்தப் பொடி வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்றார்.

அந்தக் காலத்து மதராஸ் மூக்குப்பொடிக்கு எல்லா ஊரிலும் பெயர் இருந்தது. மட்டையில் கட்டிய பொடியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். மதராஸில் ஸ்ரீ அம்பாள் அண்ட் கம்பெனி என்ற பொடி வியாபாரிகளுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று, அம்பாள் படமும் "ஸ்ரீ அம்பாள் பரிமள ஸ்நஃப்" என்ற எழுத்தும் உள்ள லேபிள். மற்றொன்று, படம் ஏதும் இல்லாமல் "ஸ்ரீ அம்பாள்" என்ற சொல் மட்டும்.

1958இல் இன்னொரு பொடி வியாபாரி, சின்ன கிருஷ்ண செட்டியார் என்பவர், தம்முடைய லேபிளைப் பதிவு செய்ய மனுக் கொடுத்தார். அதில் நடுவில் ஆண்டாள் படம், கீழே "ஸ்ரீ ஆண்டாள்". இரு பக்கங்களிலும் பல மொழிகளில் "ராதாஸ் ஸ்ரீ ஆண்டாள் மதராஸ் ஸ்நஃப்". அம்பாள் கம்பெனி ஆட்சேபித்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு இது வேடிக்கையாகப் படும். அம்பாள் சிவன் கோயிலில் இருப்பவள், ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை கட்டியவள். இருவரையும் எந்தக் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது. செட்டியார் தரப்பு வாதமும் அதுதான். படமும் வேறு, தெய்வமும் வேறு. டிரேட்மார்க் பதிவாளர் அதை ஏற்று, பதிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தார். ஆனால் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதை மாற்றினார். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும் மாற்றியதே சரி என்றது. வழக்கு டெல்லிக்குப் போயிற்று. 1969இல் உச்ச நீதிமன்றமும் அம்பாளின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

காரணம் எளிது. கண்ணுக்கு இரண்டு லேபிளும் ஒன்றாக இல்லை என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கண்ணால் ஒப்பிடுவது மட்டும் போதாது, காதாலும் ஒப்பிட வேண்டும் என்றார்கள். அம்பாள், ஆண்டாள் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். முதலிலும் கடைசியிலும் ஏறக்குறைய ஒரே ஓசை, நடுவில்தான் வித்தியாசம். பெட்டிக்கடையில் நின்று வாயால் கேட்டு வாங்குகிற பொருளுக்கு அந்த வித்தியாசம் போதாது. தெய்வ வேறுபாடு நமக்குத் தெரியும் என்பதும் எடுபடவில்லை. பொடி வாங்குகிறவர்கள் எல்லோரும் தென்னாட்டு இந்துக்கள் அல்ல. வேறு மதத்தவரும் வேறு பகுதியினரும் வாங்குவார்கள். அவர்களுக்கு இரண்டும் வெறும் ஓசைதான்.

1958இல் கொடுத்த மனுவுக்கு 1969இல் முடிவு. பதினோரு வருடம்.

"அதனால் மீன் படம் உங்களைக் காப்பாற்றாது" என்றார் வக்கீல். பையன் விடவில்லை. "அப்ப 'ராயபுரம் மரகதம்'னு வச்சா?" என்றான். அவர் சிரித்தார். "செட்டியாரின் லேபிளில் 'ராதாஸ்' முன்னால் இருந்தது, 'மதராஸ்' பின்னால் இருந்தது. இரண்டும் உதவவில்லை. வாடிக்கையாளர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சொல் எதுவோ அதுதான் பெயர். உங்கள் பெயரில் அது மரகதம்."

அரிசியும் பொடியும் வேறுதானே என்ற கேள்விக்கும் பதில் இருந்தது. வகுப்பு எண் ஒன்றாக இருப்பதாலேயே மோதல் என்று ஆகிவிடாது. ஆனால் அரிசியும் மசாலாவும் ஒரே மளிகைக் கடையில், ஒரே அலமாரிப் பக்கத்தில், ஒரே பையில் போகிற சரக்கு. அரிசிக்காரர் பொடியும் போட ஆரம்பித்துவிட்டார் என்று யாரும் நினைப்பார்கள். அதே பெயரில் அவர் டிராக்டர் டயர் விற்றிருந்தால் பேச்சே வேறு.

நான் அப்போது என் பழைய கேள்வி ஒன்றைக் கேட்டேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருந்த பிரெஞ்சு பிஸ்கட் டப்பாக்களில் "மார்க் தெபோஸே" என்று போட்டிருக்கும். தெபோஸே என்றால் ஒப்படைக்கப்பட்டது. 1857ஆம் வருடத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி, வியாபாரி தம் முத்திரையின் மாதிரியை வர்த்தக நீதிமன்றத்தின் எழுத்தரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் உரிமை அந்த ஒப்படைப்பால் பிறப்பதில்லை. முதலில் பயன்படுத்தியவருக்கே சொந்தம், ஒப்படைத்த காகிதம் அதற்குச் சாட்சி. 1964இல் கொண்டுவந்த சட்டத்தில்தான் பதிவு செய்தவருக்கே உரிமை என்று பிரான்ஸ் மாற்றிக்கொண்டது. "நம் நாட்டில் எப்படி?" என்று கேட்டேன்.

நம் நாட்டில் 1940 வரை டிரேட்மார்க்கைப் பதிவு செய்யச் சட்டமே கிடையாது. வியாபாரிகள் என்ன செய்தார்கள் என்றால், இந்த முத்திரை என்னுடையது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, வீட்டுப் பத்திரம் பதிகிற அதே பதிவாளரிடம் பதிவார்கள். பிறகு செய்தித்தாளில் எச்சரிக்கை அறிவிப்புப் போடுவார்கள். 1940இன் சட்டம் 1942இல் அமலுக்கு வந்தது. அப்புறம் 1958இன் சட்டம், இப்போது இருப்பது 1999இன் சட்டம். பதிவேடு வந்த பிறகும் பழைய கொள்கையை விடவில்லை. எனக்கு முன்பிருந்தே ஒருவர் அந்தப் பெயரில் தொடர்ந்து வியாபாரம் செய்துவந்திருந்தால், அவர் பதிவே செய்யாதவராக இருந்தாலும், பதிவு செய்த நான் அவரை நிறுத்த முடியாது. சட்டத்தின் 34ஆம் பிரிவு அது. அவர் என் மேல் வழக்கும் போடலாம்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் தேடல் பாதிதான் முடிந்திருக்கிறது என்று பொருள். மீதிப் பாதியைக் கடைகளில்தான் தேட வேண்டும். கொத்தவால் சாவடி, மண்ணடி மொத்தக் கடைகள், திருவொற்றியூர்த் தேரடி மளிகைக் கடைகள், இணையத்தில் விற்கும் பக்கங்கள், கம்பெனிகள் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பற்றிப் பையன் மறுபடி கேட்டான். அது உணவு தயாரிக்க அனுமதி. ஜிஎஸ்டி எண் வரி கட்ட. கம்பெனி பதிவு கம்பெனி நடத்த. இவற்றில் எதுவும் பொருளுக்கு வைத்த பெயருக்கு உரிமை தராது என்றார்.

செலவைப் பற்றிக் கேட்டோம். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டியதை அப்படியே தருகிறேன், நம் வாசகர்களின் பிள்ளைகளுக்கும் உதவும்.

அரசாங்கக் கட்டணம் 2017ஆம் வருடத்து விதிகளின்படி. தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற கம்பெனிகளுக்கு 9,000. காகிதத்தில் நேரில் கொடுத்தால் 5,000, 10,000. ஒரே மனுவில் இரண்டு வகுப்பு கேட்டாலும் கட்டணம் வகுப்புக்குத் தனித்தனி. பையனுக்குத் தன் அம்மா பெயரில் இரண்டு வகுப்புக்கு 9,000 ஆகும். வக்கீலின் கூலி, தேடலுக்கு 1,500, மனுவுக்கு வகுப்புக்கு 3,500. மொத்தம் 17,500. இந்தக் கூலி ஆளுக்கு ஆள் மாறும், அரசாங்கக் கட்டணம் மாறாது. யாராவது 'எல்லாம் சேர்த்து' என்று ஒரு தொகை சொன்னால் இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள் என்றார்.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகிற செலவு. மனுவைப் பார்க்கும் அதிகாரி ஆட்சேபம் எழுதினால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும், அதற்கு வக்கீல் கூலி தனி. அதிகாரி ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள். அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் 2,700 ரூபாய் கட்டி எதிர்க்கலாம். எதிர்ப்பின் நகல் நம் கைக்கு வந்த இரண்டு மாதத்தில் பதில் மனுக் கொடுக்காவிட்டால், நாமே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் 2,700, அதன்பின் சாட்சியம், விசாரணை, வாய்தா. அரிசி ஆலைக்காரர் எதிர்த்தால் அந்த வழியில்தான் போக வேண்டும். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவுச் சான்றிதழ் வரும். மனுக் கொடுத்த நாளிலிருந்து பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். லேபிளை முதலில் பதிவு செய்யாதீர்கள், சொல்லைப் பதிவு செய்யுங்கள். அம்பாள் கம்பெனியின் கையில் படமில்லாத வெறும் சொல்லுக்கும் பதிவு இருந்தது அவர்களுக்குப் பெரிய பலம். கவரின் நிறமும் படமும் நாளைக்கு மாறும், சொல் மாறாது. சான்றிதழ் வரும்வரை பெயருக்குப் பக்கத்தில் TM போடலாம், வட்டத்துக்குள் R போடக்கூடாது. பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது சட்டப்படி தவறு.

திரும்பும்போது பையன் மெட்ரோவில் பேசவே இல்லை. வண்ணாரப்பேட்டை தாண்டிய பிறகு, "பாட்டி பேரு பாட்டிக்கே இல்லையா தாத்தா?" என்று கேட்டான். எனக்கும் தொண்டை அடைத்தது. மரகதம் என்ற பெயரை அவளுக்கு வைத்தது எங்கள் அப்பா. ஆனால் அரிசி ஆலைக்காரர் வீட்டிலும் ஒரு மரகதம் இருந்திருப்பாள் அல்லவா? அவர் எங்களுக்கு முன்னால் வந்தார், அவ்வளவுதான்.

அன்றிரவு அவன் அம்மாதான் வழி சொன்னாள். பேரப்பிள்ளைகள் யாரும் என் தங்கையைப் பாட்டி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் புதுச்சேரிப் பழக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் பாட்டியைச் செல்லமாகக் கூப்பிடுவது போல, "மெமே" என்றுதான் கூப்பிடுவார்கள். பையனும் சிறு வயதில் அப்படித்தான் கூப்பிட்டான், பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததால் விட்டுவிட்டான். மறுநாள் வக்கீலிடம் போனில் சொன்னோம். ஆங்கிலத்தில் அதை அப்படியே எழுதினால் இக்காலப் பிள்ளைகள் 'மீம்' என்று படிப்பார்கள் என்று சிரித்தார். தமிழ் எழுத்திலேயே மனுச் செய்யலாம், ஆங்கிலத்தில் உச்சரிப்பும் பொருளும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். 'மாமி', 'மம்மி', 'மேம்' என்று காதுக்கு நெருங்கியவற்றையெல்லாம் இரண்டு வகுப்பிலும் தேடினார். எங்களோடு மோதும் அளவுக்கு எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார். நானும் பையனும் இரண்டு நாள் கொத்தவால் சாவடியிலும் தேரடியிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

மனு போட்டாகிவிட்டது. எண் வந்திருக்கிறது. சிலிண்டருக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. முதல் ஆட்சேபக் கட்டம் தாண்டட்டும், அதுவரை வெள்ளைக் கவரில் ஒற்றை நிற ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது "மெமே", பக்கத்தில் சின்னதாக TM. அதைப் பார்த்திருந்தால் என் தங்கை முதலில் எழுத்துப் பிழை என்று சொல்லியிருப்பாள். பிரெஞ்சில் எழுதும்போது இரண்டு எழுத்தின் தலையிலும் கோடு போட வேண்டும் என்று அவள் விடாமல் வாதாடுவாள்.